சப்-ஊஃபர் ஏன் முனகுகிறது?

புதிதாக வாங்கிய சப்-ஊஃபரை டிவியோடு இணைத்த அன்றே பல வீடுகளில் ஒரு 'ம்ம்ம்ம்' தொடங்கிவிடுகிறது. பாட்டு ஓடும்போது தெரியாது. பாட்டு நின்று வசனத்துக்கு நடுவே ஓர் அமைதி வரும்போது சோபாவுக்குப் பின்னாலிருந்து அது எழும்பி நிற்கும். அந்த முனகலுக்கு நிலையான ஸ்ருதியும் உண்டு. நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று அலைகிறது. முனகலின் அடிநாதமும் அதே 50 ஹெர்ட்ஸ்தான். ஒரு கட்டையில் பாடுகிறவர்களுக்கு அது எங்கோ பாதாளத்தில் கிடக்கும் ஒரு பஞ்சமம், சற்றே ஸ்ருதி ஏறிப்போன பஞ்சமம். அமெரிக்காவில் மின்சாரம் 60 சுற்று என்பதால் அங்கே இதே கோளாறு ஏறக்குறைய மூன்று ஸ்வரஸ்தானம் மேலே கேட்கும்.

டிவியின் சொந்த ஸ்பீக்கரில் இந்தச் சத்தம் வருவதில்லை.  கட்டைவிரல் அகல ஸ்பீக்கரால் 50 ஹெர்ட்ஸை எழுப்பவே முடியாது. சப்-ஊஃபர் பிறந்ததே சுமார் 30 முதல் 120 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிக்காக. மின்சாரத்தின் அலை அதன் எல்லைக்குள் நட்டநடுவில் விழுகிறது. வேறு எந்த ஸ்பீக்கரும் மறைத்துவிடும் குப்பையை அது விசுவாசமாக வாசித்துக்காட்டும்.

கடைக்குப் போய், "அண்ணே, ஹம் அடிக்குது" என்று சொன்னால் பெரும்பாலும் இரண்டு வைத்தியங்களில் ஒன்று கிடைக்கும். "லோக்கல் வயர் சார் இது, கம்பெனி கேபிள் போடுங்க" என்பது ஒன்று. "பிளக்குல எர்த் பின்னை எடுத்து விட்டுருங்க, நின்னுரும்" என்பது இன்னொன்று. முதலாவது பல நேரங்களில் காசுக்குக் கேடு. இரண்டாவதில் சத்தம் பெரும்பாலும் நின்றுவிடும். ஆனால் உயிருக்கே ஆபத்து. இரண்டுமே தேவைப்படாத வழி இருக்கிறது. அதற்கு முன் இந்தச் சத்தம் பெட்டிக்குள் எப்படி நுழைகிறது என்று பார்த்துவிடலாம்.

டிவியிலிருந்து சப்-ஊஃபருக்குப் போகும் ஆர்.சி.ஏ. கேபிளில், கடைமொழியில் ஏ.வி. கார்டில், இரண்டே கடத்திகள். நடுவில் ஒரு மெல்லிய கம்பி. அதுதான் பாட்டைச் சுமக்கிறது. அதைச் சுற்றி வலையாகவோ சுருளாகவோ செம்புக் கம்பிகள். அது உறை, ஷீல்டு. சப்-ஊஃபருக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபையர் நடுக்கம்பியின் வோல்டேஜை உறையோடு ஒப்பிட்டுத்தான் அளக்கிறது. உறை அசையாமல் பூஜ்யத்தில் நிற்கிறது என்று அது நம்புகிறது. ஆடுகிற பலகையில் நிற்கவைத்துக் குழந்தையின் உயரத்தை அளந்தால் என்ன ஆகுமோ, உறை அசைந்தால் அதுதான் ஆகும். பலகையின் ஆட்டமும் உயரத்தில் சேர்ந்துவிடும்.

உறை எப்போது அசைகிறது? அதன் வழியாக ஒரு மின்னோட்டம் பாயும்போது. ஐந்து மீட்டர் சாதாரண கேபிளின் உறைக்கும் இரு முனைப் பின்களுக்கும் சேர்த்து 0.1 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 10 மில்லியாம்பியர் ஓடினால் இரண்டு முனைகளுக்கும் இடையே ஒரு மில்லிவோல்ட் தோன்றும். டிவி உச்சத்தில் அனுப்பும் சிக்னல் ஏறக்குறைய ஒரு வோல்ட் என்றால் இது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கணக்கில் அற்பமாகத்தான் தெரிகிறது. ஆனால் அடித்து நொறுக்கும் சண்டைக்காட்சி வரும்போது மட்டுமே ஒரு வோல்ட் வரும். வசனக் காட்சியில் பாஸ் பகுதிக்குச் சில மில்லிவோல்ட் வந்தாலே அதிகம். அப்போது அந்த ஒரு மில்லிவோல்ட் ஒளிந்துகொள்ள இடமில்லை. அதிலும் சப்-ஊஃபரின் வால்யூம் குமிழை முக்கால்வாசி திருகிவைத்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

அந்த மின்னோட்டத்துக்கு உறைக்குள் என்ன வேலை? அது குறுக்குவழி தேடி வருவது. எர்த் என்பது எங்கும் ஒன்றே, எங்கும் பூஜ்யமே என்று பாடப்புத்தகம் சொல்லும். நிஜத்தில் வீட்டின் ஒரு பிளக் பாயிண்ட்டின் எர்த்துக்கும் இன்னொன்றின் எர்த்துக்கும்கூட சில மில்லிவோல்ட் வித்தியாசம் இருக்கும். பக்கத்து வீட்டு எர்த்தோடு ஒப்பிட்டால் அது வோல்ட் கணக்கில் போகலாம். இப்படி வெவ்வேறு நிலையில் இருக்கும் இரண்டு எர்த்துகளை ஒரு கம்பி இணைத்துவிட்டால் மின்னோட்டம் ஒரு வட்டம் அடிக்கத் தொடங்குகிறது. இதைத்தான் ஆடியோ தொழிலில் இருப்பவர்கள் கிரவுண்ட் லூப் என்கிறார்கள். நம் எலக்ட்ரீஷியன்கள் எர்த் லூப் என்பார்கள். அந்த வட்டத்தின் ஒரு துண்டாக ஆர்.சி.ஏ. உறை அமைந்துவிட்டால் முனகல் பிறந்துவிடும்.

தமிழ்நாட்டு வீடுகளில் அந்த இரண்டாவது எர்த் பெரும்பாலும் கேபிள் டிவி வயர் வழியாகத்தான் வருகிறது. தெருமுனைக் கம்பத்திலோ யாரோ ஒருவர் வீட்டு மொட்டைமாடியிலோ கேபிள்காரரின் ஆம்ப்ளிஃபையர் பெட்டி இருக்கும். அதற்கு மின்சாரம் அந்த வீட்டிலிருந்து. அதன் உலோக உறை அந்த இடத்தின் எர்த்தையோ, இரும்புக் கம்பத்தையோ, ஈரச் சுவரையோ தொட்டுக்கொண்டிருக்கும். அங்கிருந்து புறப்படும் கருப்புக் கோஆக்சியல் வயரின் உறை, மாடி மாடியாகத் தாவி, ஜன்னல் வழியாக வந்து செட்டாப் பாக்ஸின் முதுகில் திருகப்படுகிறது. கேபிள் வயரைச் செருகும்போது விரலில் சுரீரென்று பட்ட அனுபவம் பலருக்கு உண்டு. அந்தச் சுரீர் வேறு விதத்திலும் வரலாம்: இரண்டு பின் அடாப்டரில் ஓடும் செட்டாப் பாக்ஸ், டிவி போன்றவற்றின் உள்ளே இருக்கும் சிறு கெபாசிட்டர்கள் வழியாக ஒரு துளி மின்சாரம் அவற்றின் உலோகப் பாகத்தில் கசிந்து நிற்கும். மல்டிமீட்டரில் 100 வோல்ட் போலக் காட்டி மிரட்டும். ஆனால் அதன் ஓட்டம் மில்லியாம்பியரில் ஒரு சிறு பங்குதான். கேபிள் உறையில் வருவது அப்படியல்ல. அதற்குப் பின்னால் ஒரு தெருவே இருக்கிறது.

ஒரு வீட்டை மனதில் கட்டிப் பார்க்கலாம். ஹாலின் ஒரு சுவரில் டிவி, அதன் கீழே செட்டாப் பாக்ஸ். இரண்டும் எச்.டி.எம்.ஐ. வயரால் இணைந்திருக்கின்றன. எதிர்மூலையில், சோபா பக்கத்தில் சப்-ஊஃபர். அதற்கு மூன்று பின் பிளக். அந்த மூலையில் இருக்கும் பாயிண்ட்டில் செருகியிருக்கிறார்கள். டிவியிலிருந்து சப்-ஊஃபர் வரை ஐந்து மீட்டர் ஆர்.சி.ஏ. கேபிள், சுவரோரமாக. வட்டத்தை இப்போது விரலால் தடம் பிடிக்கலாம்: தெரு ஆம்ப்ளிஃபையர், கேபிள் வயரின் உறை, செட்டாப் பாக்ஸ், எச்.டி.எம்.ஐ. உறை, டிவியின் உடல், ஆர்.சி.ஏ. உறை, சப்-ஊஃபரின் உடல், அதன் எர்த் பின், வீட்டின் எர்த் குழி, மண், மறுபடி தெரு ஆம்ப்ளிஃபையர். வட்டம் முடிந்தது.

இந்த வீட்டில் குற்றவாளியைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். இரவில் வீடு அடங்கிய பிறகு சப்-ஊஃபரின் வால்யூமை வழக்கமான இடத்தில் வைத்து, முனகலைக் கேட்டுக்கொண்டு தொடங்க வேண்டும். ஒவ்வொரு முறை பின்னைக் கழற்றுவதற்கும் மாட்டுவதற்கும் முன் சப்-ஊஃபரை அணைத்துவிடுவது நல்லது. ஆர்.சி.ஏ. பின்னின் அமைப்பில் ஒரு பழைய கோளாறு இருக்கிறது: செருகும்போது நடுமுனை முதலில் தொடும், வெளி வளையம் பிறகுதான் தொடும். அந்த இடைப்பட்ட நொடியில் முழு இரைச்சலும் ஆம்ப்ளிஃபையருக்குள் பாய்ந்து, 'பர்ர்' என்று அதிரவைத்து, ஊஃபரின் கோனையே பதம் பார்க்கும்.

முதலில் சப்-ஊஃபர் பக்கத்திலிருக்கும் ஆர்.சி.ஏ. பின்னைக் கழற்றிவிட்டு, பெட்டிக்கு மின்சாரம் கொடுத்துக் கேட்கிறார்கள். அமைதி. அப்படியானால் பெட்டிக்கு நோயில்லை. சத்தம் கேபிள் வழியாக வருகிறது. பின்னை மறுபடி மாட்டுகிறார்கள். முனகல் திரும்புகிறது. அடுத்து டிவியின் பிளக்கையே சுவரிலிருந்து உருவிவிடுகிறார்கள். முனகல் அப்படியே நிற்கிறது! இந்த இடத்தில்தான் பலரும் குழம்பி, சப்-ஊஃபர் மீதே பழியைப் போட்டுவிடுவார்கள். டிவிக்கு மின்சாரம் இல்லாவிட்டாலும் அதன் உலோக உடல் வெறும் பாலமாக வேலை செய்துகொண்டுதான் இருக்கும்; வட்டம் அறுபடவில்லை. மூன்றாவதாக, செட்டாப் பாக்ஸின் முதுகிலிருந்து கேபிள் வயரைத் திருகி எடுக்கிறார்கள். முனகல் செத்துவிடுகிறது. வயரின் உலோக வளையத்தைப் பாக்ஸின் உலோகத்தில் லேசாகத் தொட்டால் மறுபடி உயிர் வருகிறது. ஆள் அகப்பட்டான்.

அந்த வயர் முனையைத் தொடும்போது பொறி பறந்தாலோ கை உதறினாலோ மேற்கொண்டு எதுவும் செய்யாமல் கேபிள்காரரையும் எலக்ட்ரீஷியனையும் கூப்பிட வேண்டியதுதான். தெருவில் எங்கோ மின்வயரின் காப்பு கிழிந்து கேபிளைத் தொட்டுக்கொண்டிருக்கக்கூடும். முனகலைவிட அது பெரிய விவகாரம். உலோக முனையை வெறுங்கையால் பிடிக்காமல் பிளாஸ்டிக் பகுதியைப் பிடிப்பதும், கால் உலர்ந்த தரையில் இருப்பதும் எப்போதும் நல்லது.

இனி மருந்து. கோஆக்சியல் வயரின் வழியில், பாக்ஸுக்குச் சற்று முன்னால், கால்வானிக் ஐசொலேட்டர் என்ற சுண்டுவிரல் அளவுத் துண்டைத் திருகினால் போதும். அதற்குள் இருப்பது சில கெபாசிட்டர்கள் மட்டுமே. நடுக்கம்பி, உறை இரண்டின் நேரடி இணைப்பையும் அறுத்து, நடுவில் கெபாசிட்டரை வைத்துவிடுகிறார்கள். ஒரு நானோஃபாரட் கெபாசிட்டர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு முப்பது லட்சம் ஓமுக்கும் மேற்பட்ட தடை. டிவி அலைவரிசைகள் வரும் 500 மெகாஹெர்ட்ஸில் அதே கெபாசிட்டர் ஓர் ஓமில் மூன்றில் ஒரு பங்குகூடத் தடுப்பதில்லை. படம் போகும், முனகல் நிற்கும். ஒரு கெபாசிட்டர் செய்யும் இந்த ஆள்பார்த்து விடும் காவல் மிக அழகான வேலை; அடுக்கடுக்காகக் கருவி விற்கும் உலகத்தில் இவ்வளவு சின்ன பொருளுக்குக் கிடைக்கவேண்டிய மதிப்பு கிடைப்பதில்லை.

ஆனால் கூரையில் டிஷ் வைத்திருக்கும் வீட்டில் இந்தத் துண்டு உதவாது. டிஷ்ஷின் முகத்தில் இருக்கும் எல்.என்.பி.க்கு மின்சாரம் அதே கோஆக்சியல் வயர் வழியாகத்தான் செட்டாப் பாக்ஸிலிருந்து மேலே போகிறது. 13 அல்லது 18 வோல்ட் நேர்மின்சாரம். கெபாசிட்டர் நேர்மின்சாரத்தை அடியோடு மறித்துவிடும். ஐசொலேட்டரை மாட்டியதும் முனகலோடு படமும் போய், திரையில் 'சிக்னல் இல்லை' என்று வரும். டிஷ் வீட்டில் வட்டத்தை வேறு இடத்தில் வெட்ட வேண்டும். கேபிள் வயர் வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே அதன் உறையை வீட்டின் எர்த்தோடு தடித்த கம்பியால் இணைத்துவிடுவது முறையான வழி. அப்போது மேலிருந்து வரும் ஓட்டம் அங்கேயே மண்ணுக்குள் இறங்கிவிடும், டிவி வரை வராது. அதை எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும்.

வட்டத்தை ஆடியோ பக்கத்திலும் வெட்டலாம். அதில் மிகச் சுத்தமான வெட்டு ஆப்டிகல் வயர். பெரும்பாலான டிவிகளின் முதுகில் சதுரமான ஒரு சிறு துளையும் அதற்குள் சிவப்பு வெளிச்சமும் இருக்கும். ஒலி அங்கிருந்து வெளிச்சமாகப் பிளாஸ்டிக் இழையில் போகிறது. செம்பு இல்லாததால் மின்னோட்டத்துக்கும் வழியில்லை. சப்-ஊஃபர் செட்டில் ஆப்டிகல் துளை இருந்தால் நேராக மாட்டிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் ஆப்டிகலை ஆர்.சி.ஏ.வாக மாற்றும் சிறு பெட்டி கடைகளில் கிடைக்கிறது. டிவியின் ஒலி அமைப்பில் `PCM` என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் அந்தப் பெட்டி ஊமையாகவே இருக்கும். இன்னொரு சங்கடம், சில டிவிகளில் ஆப்டிகல் வழியாகப் போகும் ஒலியை டிவி ரிமோட் கூட்டிக் குறைக்காது.

அந்தப் பெட்டியிலும் ஒரு பொறி உண்டு. அதற்கு மின்சாரம் வேண்டும். பக்கத்திலேயே டிவியின் யு.எஸ்.பி. துளை இருக்கிறதே என்று அதில் செருகிவிடுவார்கள். யு.எஸ்.பி. வயரின் உறை டிவியின் உடலோடு சேர்ந்தது. ஆப்டிகலில் வெட்டிய வட்டம் யு.எஸ்.பி. வழியாக மறுபடி ஒட்டிக்கொள்ளும். "ஆப்டிகல் போட்டும் ஹம் போகல" என்று புலம்புகிறவர்களின் வீட்டில் முதலில் பார்க்கவேண்டியது இந்த வயரைத்தான். பெட்டிக்குத் தனியாக ஒரு இரண்டு பின் மொபைல் சார்ஜர் கொடுத்தால் தீர்ந்தது.

ஆப்டிகல் இல்லாத பழைய டிவிக்கு ஆடியோ ஐசொலேட்டர் இருக்கிறது. கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று கேட்டால் தருவார்கள். உள்ளே குட்டி டிரான்ஸ்பார்மர்கள். ஒரு சுருளிலிருந்து இன்னொரு சுருளுக்கு ஒலி காந்தப்புலமாகத் தாவும். உறைகளுக்கிடையே உலோகத் தொடர்பு இருக்காது. காருக்குள் செல்போன் இணைக்க என்று விற்கப்படும் மலிவு வகை சப்-ஊஃபருக்கு அவ்வளவாகப் பொருந்தாது. சிறிய இரும்பு உட்கரு 30, 40 ஹெர்ட்ஸ் பக்கம் வலுவான சிக்னல் வந்தால் திணறிப்போகும். முனகலோடு பாஸின் அடிப்பகுதியும் மெலிந்து கரகரக்கும். சப்-ஊஃபர் வாங்கியதே அந்தப் பகுதிக்காக என்பதால் கொஞ்சம் பெரிய, உலோகப் பெட்டிக்குள் வரும் டிரான்ஸ்பார்மருக்குச் செலவழிப்பதுதான் சரி.

செலவே இல்லாத ஒன்றை முதலிலேயே செய்து பார்த்திருக்க வேண்டும் என்றும் சொல்லலாம். டிவி, செட்டாப் பாக்ஸ், சப்-ஊஃபர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகி, அதை ஒரே பாயிண்ட்டில் இணைப்பது. ஒரு டிவி நூறு வாட்டைச் சுற்றி, பாக்ஸ் பத்துப் பதினைந்து, வீட்டு சப்-ஊஃபர் இன்னொரு நூறு, இருநூறு. ஆறு ஆம்பியர் பாயிண்ட் இதைத் தாராளமாகத் தாங்கும். எல்லா எர்த்தும் ஒரே இடத்தில் சேர்வதால் வீட்டுக்குள் உண்டாகும் லூப்புகள் பெரும்பாலும் மறைந்துவிடும். கேபிள் வயர் வழியாகத் தெருவிலிருந்து வரும் லூப்பை இது தீர்க்காது. அதனால்தான் எதைக் கழற்றினால் நிற்கிறது என்ற சோதனைக்கு அவ்வளவு மதிப்பு. டிவியோடு லேப்டாப் இணைத்திருக்கும் வீட்டில் அதன் சார்ஜரை ஒரு நிமிடம் உருவிப் பார்ப்பதும் இந்த வகையில் சேர்ந்ததே. மூன்று பின் சார்ஜர் என்றால் அதுவும் இன்னொரு எர்த்தைக் கொண்டுவந்து சேர்க்கிறது.

எர்த் பின்னை எடுத்துவிடும் வைத்தியத்துக்கு வருவோம். சப்-ஊஃபரின் எர்த் பின்னை ஒடித்தால் மேலே சொன்ன வட்டம் அந்த இடத்தில் அறுபடும், சத்தம் நிற்கும். கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்த ஆம்ப்ளிஃபையருக்குள் ஒருநாள் டிரான்ஸ்பார்மரின் காப்பு எரிந்து, 230 வோல்ட் கம்பி உலோகத் தகட்டைத் தொட்டுவிட்டால்? எர்த் பின் இருந்தால் பெரும் மின்னோட்டம் அதன் வழியே இறங்கி, எம்.சி.பி. விழும், ஆர்.சி.சி.பி. இருக்கும் வீட்டில் 30 மில்லியாம்பியர் கசிந்தாலே இணைப்பு துண்டிக்கப்படும். பின் இல்லாவிட்டால் தகடு உயிரோடு காத்திருக்கும். அதோடு நிற்காது: ஆர்.சி.ஏ. உறை வழியாக டிவியின் உடலுக்கும், எச்.டி.எம்.ஐ. வழியாக செட்டாப் பாக்ஸுக்கும், அங்கிருந்து கேபிள் வயருக்கும் 230 வோல்ட் போய்ச் சேரும். பக்கத்து வீட்டில் கேபிளைச் செருகுகிறவர்கூட அதில் மாட்டிக்கொள்ளலாம். மூன்று பின்னை இரண்டு பின்னாக்கும் அடாப்டரும் இதே பாவத்தைத்தான் செய்கிறது, பார்வைக்கு நாகரிகமாக.

இதற்கு நேர்மாறாக, தொழிற்சாலையிலிருந்தே இரண்டு பின்னோடு வரும் கருவியின் பிளக்கைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பதில் தவறில்லை. அவை இரட்டைக் காப்போடு தயாரிக்கப்பட்டவை. நம் சாக்கெட்டில் உருண்டைப் பின் இரண்டும் எந்தப் பக்கமும் போகும். டிரான்ஸ்பார்மர் வைத்த பழைய செட்டுகளில் எந்தப் பின் ஃபேஸில் விழுகிறது என்பதைப் பொறுத்துக் கசிவின் அளவு மாறும். சில நேரம் முனகல் பாதியாகக் குறையும்.

வயர் போகும் வழியைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். அது உண்மையில் இரண்டாவது சந்தேகநபர். மின்சார வயரைச் சுற்றி ஒரு காந்தப்புலம் இருக்கிறது, ஆர்.சி.ஏ. கேபிள் அதனோடு ஒட்டிக் கிடந்தால் அது உள்ளே தூண்டப்படும். செம்பு உறை 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தைத் தடுப்பதில்லை. அதனால்தான் விலை உயர்ந்த கேபிள் இங்கே ஏமாற்றிவிடுகிறது. தூரம் தடுக்கும். போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் சேர்ந்தே இருக்கும் சாதாரண மின்வயரின் புலம், தூரத்தின் இருமடிக்கு ஏற்பத் தேய்கிறது. இரண்டு அங்குல இடைவெளியை எட்டு அங்குலமாக்கினால் ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்காகிவிடும். டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் அது இன்னும் வேகமாகக் குறையும். ஆகவே ஸ்டெபிலைசர், இன்வெர்ட்டர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இவற்றிலிருந்து ஒரு அடி தள்ளினாலே போதும். மின்வயரைக் கடந்தே ஆகவேண்டிய இடத்தில் சிலுவை போல நேர்குறுக்காகக் கடக்கலாம். மிச்சக் கேபிளை வட்டமாகச் சுருட்டி டிவிக்குப் பின்னால் மின்வயர்களோடு சேர்த்து டேக் போட்டுக் கட்டுவது அழகுக்காகச் செய்யும் தப்பு. சுருள் ஒரு ஆண்டெனா. நீளத்தைக் குறைத்து வாங்குவது நல்லது. முடியாவிட்டால் முன்னும் பின்னுமாக மடித்து ஓரமாக வைக்கலாம்.

லூப்பா, தூண்டலா என்று பிரித்தறியும் வழி எளிது. முனகல் வரும்போது கேபிளைக் கையால் தூக்கி அங்குமிங்கும் நகர்த்த வேண்டும். நகர்த்த நகர்த்தச் சத்தம் ஏறி இறங்கினால் பாதை மாற்றினாலே சரியாகிவிடும். எங்கே வைத்தாலும் ஒரே மாதிரி இருந்தால் அது லூப். பின்னை ஆட்டும்போது மட்டும் 'பர்ர்' என்று பெரிதாக வெடித்தால் இரண்டுமில்லை. பின்னுக்குள் உறையின் பற்றவைப்பு விட்டுப்போயிருக்கிறது. அந்த ஒரு நிலையில் கேபிளை மாற்றச் சொல்லும் கடைக்காரர் சொல்வது சரி.

கடைசியாக, ஆர்.சி.ஏ. பின்னைக் கழற்றிய பிறகும் முனகும் பெட்டி. இதில் லூப்புக்கு இடமில்லை. பின்னைத் திறந்து விட்டதால் ஏதாவது சத்தத்தைப் பிடிக்கிறதோ என்ற சந்தேகம் வந்தால், நடுமுனையையும் வளையத்தையும் சேர்த்துப் பற்றவைத்த ஒரு ஆர்.சி.ஏ. பின்னைச் செருகிக் கேட்கலாம். ஜென்சன் டிரான்ஸ்பார்மர்ஸ் நிறுவனத்தை நடத்திய அமெரிக்கப் பொறியாளர் பில் விட்லாக், இப்படிப்பட்ட போலிப் பின்களை வைத்து ஒவ்வொரு கட்டமாகச் சத்தத்தைத் துரத்தும் முறையை விரிவாக எழுதிவைத்திருக்கிறார். அப்போதும் முனகினால் வால்யூம் குமிழைத் திருகிப் பார்க்க வேண்டும். குமிழைப் பூஜ்யத்தில் வைத்தாலும் அசையாமல் அதே சத்தம் வந்தால் கோளாறு குமிழுக்கு அப்பால், பவர் சப்ளையில். ஏ.சி.யை டி.சி.யாக்கும் பகுதியில் பெரிய கண்டென்சர்கள் காய்ந்துபோனால் வரும் சத்தம் 50 ஹெர்ட்ஸ் இல்லை, 100 ஹெர்ட்ஸ். ஒரு ஸ்தாயி மேலே. செல்போனில் ஸ்பெக்ட்ரம் காட்டும் செயலி ஒன்றைப் போட்டுப் பெட்டியருகே வைத்தால் எந்த இடத்தில் முள் உயர்கிறது என்று தெரியும். வயர்லெஸ் சப்-ஊஃபர் முனகினாலும் சந்தேகம் முதலில் இங்கேதான் போகவேண்டும். அதற்கு ஆடியோ வயரே கிடையாது. மின்சாரம் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் சத்தம் 'ஸ்ர்ர்' என்று கரடாக மாறினால் அது சதுர அலை இன்வெர்ட்டரின் கைவரிசை. 150, 250 ஹெர்ட்ஸ் என ஒற்றைப்படை மடங்குகள் அதில் கொட்டிக் கிடக்கும். ஃபேன் ரெகுலேட்டரைத் திருகும்போது சத்தத்தின் நிறம் மாறினால் அந்த ரெகுலேட்டரைக் கெபாசிட்டர் வகைப் படிநிலை ரெகுலேட்டராக மாற்றிக்கொள்ளலாம்.

எதுவும் வாங்குவதற்கு முன் செய்யக்கூடிய ஒன்று இன்னும் இருக்கிறது. முனகல் கேபிளில் சேர்வதால், சப்-ஊஃபரின் குமிழ் அதைப் பாட்டோடு சேர்த்தே பெருக்குகிறது. டிவியின் ஒலியை வழக்கத்தைவிடக் கூட்டி, சப்-ஊஃபரின் குமிழை அந்த அளவு குறைத்தால் பாட்டு அதே சத்தத்தில் இருக்கும், முனகல் மட்டும் இறங்கும். ஆடியோ வெளியீட்டின் அளவு ரிமோட்டோடு மாறும் டிவிகளில் இது வேலை செய்யும்.

பிறகும் ஆளைக் கூப்பிடவேண்டி வந்தால், "ஹம் அடிக்குது" என்று மட்டும் சொல்வதற்குப் பதில், "ஆர்.சி.ஏ.வைக் கழற்றினா நின்னுருது, டிவி பிளக்கை எடுத்தாலும் நிக்கல, கேபிள் வயரைத் திருகி எடுத்தா நிக்குது" என்று சொன்னால், வருகிறவர் சால்டரிங் அயனை எடுக்காமல் ஐசொலேட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு வருவார்.